குனிகிறாரா, குத்தவைக்கிறாரா: மூன்று புள்ளிகளில் ஒரு முழு உடம்பு

விஆர் ஹெட்செட் பொதுவாக உடம்பைப் பற்றி மூன்றே மூன்று விஷயங்களைத்தான் சொல்கிறது. தலை எங்கே எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வலக்கை எங்கே, இடக்கை எங்கே. கழுத்துக்குக் கீழே மார்பு, இடுப்பு, முழங்கால், பாதம் எதைப் பற்றியும் அதற்கு ஒன்றும் தெரியாது. மிச்சத்தை நாம்தான் ஊகித்து நிரப்பவேண்டும். அந்த நிரப்பும் வேலைக்குப் பெயர் இன்வர்ஸ் கைனமாட்டிக்ஸ், சுருக்கமாக ஐகே. கை இங்கே இருக்கிறது என்றால் முழங்கையும் தோளும் எந்தக் கோணத்தில் இருந்திருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் தங்குமிடம் நடத்தும் நண்பர் ஒருவர், வருகிற விருந்தாளிகள் மழை நாளில் அறைக்குள்ளேயே கொழுந்து பறித்துப் பார்க்க ஒரு விஆர் காட்சி கேட்டார். செடி, சரிவு, பனி எல்லாம் யூனிட்டி என்ற விளையாட்டு எஞ்சினில் சீக்கிரமே வந்துவிட்டன. எதிரே ஒரு பெரிய கண்ணாடி வைத்திருந்தேன், பறிப்பவர் தன் அவதாரைத் தானே பார்க்கட்டும் என்று. என் சின்னம்மா கொழுந்து எடுப்பதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு செடி மேல் குனிந்தார். கண்ணாடியில் இருந்த பெண் முதுகு நிமிர்ந்தபடி இரண்டு முழங்காலையும் மடக்கிச் செடிக்குள்ளே இறங்கினாள்.

"நான் குனிஞ்சா இவ ஏன்டா குத்தவைக்கிறா?"

இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். கை, முழங்கை, பாதம் என்று ஐகே-வில் பேச நிறைய இருக்கிறது. ஆனால் மூன்று புள்ளி அமைப்பில் உண்மையான சிக்கல் ஒன்றே ஒன்று: இடுப்பு எங்கே? அது சரியாக அமைந்தால் கால் தானாக அமையும். அது தவறினால் மற்ற எதைச் சரிசெய்தும் பயனில்லை.

நான் பயன்படுத்தியது ஒரு பழைய குவெஸ்ட் 2, யூனிட்டி, கை கால்களுக்கு யூனிட்டியின் அனிமேஷன் ரிகிங் தொகுப்பில் வரும் `Two Bone IK Constraint`. இடுப்புக்கும் முதுகுக்கும் நானே எழுதிய சிறு ஸ்கிரிப்ட். இப்போது இதையே இயந்திரக் கற்றல் மூலம் செய்யும் வழிகள் இருக்கின்றன. 2022-இல் சூரிக் இடிஎச் ஆய்வாளர்கள் வெளியிட்ட அவதார்போசர் இதே மூன்று புள்ளிகளிலிருந்து முழு உடம்பையும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வகை நரம்பியல் வலையால் கணிக்கிறது. அதிலும்கூட கடைசியில் கைகளை, பிடித்திருக்கும் கன்ட்ரோலர் இருக்கும் இடத்துக்கே கொண்டுவந்து பொருத்த ஐகே-தான் வருகிறது. எனக்கு வேண்டியது ஒரே வகை அசைவு, ஒரே இடம். எந்த எண்ணை மாற்றினால் எது மாறுகிறது என்று கண்ணால் பார்க்கவும் வேண்டும். அதனால் கையால் எழுதும் வழியையே எடுத்துக்கொண்டேன்.

முதலில் அளவுகள். சின்னம்மாவின் உயரம் 155 செ.மீ. நேராக நிற்கும்போது ஹெட்செட் காட்டிய கண் உயரம் 145 செ.மீ. உடல் விகித அட்டவணைகளில் கண் உயரம் மொத்த உயரத்தில் ஏறக்குறைய 0.936 பங்கு என்று இருக்கும், கணக்கு ஒத்துப்போகிறது. இடுப்பு மூட்டு 0.53 பங்கு, அதாவது 82 செ.மீ. தொடை 38, கெண்டைக்கால் 38, கணுக்காலுக்குக் கீழே 6. ஆள் மாறும்போதெல்லாம் டேப் எடுத்து அளக்கமுடியாது. ஆகவே நேராக நின்று ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி, கிடைக்கும் கண் உயரத்தை 0.936-ஆல் வகுத்து மொத்த உயரம் எடுத்து, அவதாரை அந்த அளவுக்குச் சுருக்கி விரிக்கிறேன். கைநீளம் மட்டும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடும். அதற்கு இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி மணிக்கட்டுகளுக்கு இடையிலான தூரத்தைத் தனியாக எடுத்துக்கொள்கிறேன்.

ஹெட்செட் தரும் புள்ளி கண்களுக்கு நடுவில் இருப்பது. தலை சுழல்வதோ மண்டையோட்டின் அடியில், கழுத்து தொடங்கும் இடத்தில். சுழலும் அந்த இடத்திலிருந்து கண் ஏறக்குறைய 9 செ.மீ. முன்னாலும் 8 செ.மீ. மேலேயும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் 45 டிகிரி கவிழ்த்தால் கண் கிட்டத்தட்ட 9 செ.மீ. கீழே இறங்கும், 3 செ.மீ. முன்னே போகும். கொழுந்து பறிப்பவர் எந்நேரமும் கீழேதான் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணின் உயரத்தையே கணக்கில் கொண்டால், அவர் செடியைப் பார்க்கும்போதெல்லாம் அவதாரின் முழங்கால் மடங்கும். எனவே எல்லாக் கணக்குக்கும் முன்னால், ஹெட்செட்டின் இடத்திலிருந்து அதன் திசையில் 9 பின்னும் 8 கீழும் போய், அந்தக் கழுத்துப் புள்ளியை எடுத்துக்கொள்ளவேண்டும்:

```csharp
Vector3 pivot = head.position
              + head.rotation * new Vector3(0f, -0.08f, -0.09f);
```

இது சரியாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. நேராக நின்று "ஆமாம், இல்லை" என்று தலையை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஆட்டவேண்டும். `pivot` புள்ளி ஒரே இடத்தில் நிற்கவேண்டும். தலையாட்டும்போது அது முன்னும் பின்னும் போனால் அந்த 9-இலோ 8-இலோ ஓரிரு செ.மீ. மாற்றவேண்டும். கைகளுக்கும் இதே கதைதான். கன்ட்ரோலர் சொல்வது உள்ளங்கையின் இடத்தை, ஐகே-வுக்கு வேண்டியது மணிக்கட்டு. அந்த இடைவெளியைக் கழிக்காமல் விட்டால் முன்கை நீண்டு, முழங்கை எப்போதும் விறைத்தே நிற்கும்.

இனி குனிவதற்கு வருவோம். கழுத்துப் புள்ளி 25 செ.மீ. கீழே இறங்கியிருக்கிறது. அது முழங்கால் மடங்கியதாலா, முதுகு சாய்ந்ததாலா? உயரம் மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது. சின்னம்மாவின் அவதார் குத்தவைத்ததற்குக் காரணமும் இதுதான்: முதுகை நேராக வைத்து, இறங்கிய தூரம் முழுவதையும் இடுப்பின் மேல் சுமத்துவதுதான் எழுதுவதற்கு எளிது.

தலை எவ்வளவு கவிழ்ந்திருக்கிறது என்பதை வைத்து முதுகைச் சாய்க்கலாமே என்று தோன்றும். பலரும் முதலில் முயல்வது இதைத்தான். இரண்டு பக்கமும் இது பொய்த்துப்போகிறது. நேராக நின்றபடி கால் விரலைப் பார்ப்பவருக்குத் தலை முழுக்கக் கவிழ்ந்திருக்கும், முதுகு சாய்ந்திருக்காது. நன்றாகக் குனிந்து எதிர் நிரையைப் பார்ப்பவருக்கு முதுகு சாய்ந்திருக்கும், தலை நிமிர்ந்திருக்கும். பறிக்கும்போது சின்னம்மா இந்த இரண்டையும் ஒரே நிமிடத்துக்குள் மாறி மாறிச் செய்கிறார்.

நம்பத்தக்க தடயம், கழுத்துப் புள்ளி தரைமட்டத்தில் எவ்வளவு முன்னே போனது என்பது. குத்தவைக்கும்போது தலை ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும். குனியும்போது இடுப்பை மையமாகக் கொண்ட ஒரு வில்லின் மேல் நகரும்: முதலில் அதிகம் முன்னே, கொஞ்சம் கீழே. பிறகு கீழிறங்குவது கூடிக்கொண்டே போகும். ஆனால் இங்கே ஒரு நெளிவு இருக்கிறது. இடுப்பு அசையாமல் நிற்பதில்லை. யாரும் சுவரில் பிட்டத்தை ஒட்டி நின்று குனிந்து பார்க்கலாம், முன்னே விழப்போவீர்கள். உடம்பின் எடை பாதத்தின் மேலேயே நிற்கவேண்டும் என்பதால் மேலுடல் முன்னே போகப் போக இடுப்பு பின்னே போகிறது.

எவ்வளவு பின்னே என்பதற்கு, போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, சின்னம்மாவின் இடுப்பிலும் கழுத்திலும் கலர் டேப் ஒட்டி, பல ஆழங்களில் குனியச் சொல்லி வீடியோ எடுத்தேன். இடுப்பை விடக் கழுத்து எவ்வளவு முன்னே இருக்கிறதோ அதில் ஏறக்குறைய 0.35 பங்கு இடுப்பு பின்னே போயிருந்தது. அதை பீட்டா என்று வைத்துக்கொண்டேன். முதுகில் நிறைந்த பை இருந்தால் இது குறையும், ஏனென்றால் பின்னால் இழுக்கும் எடையைப் பையே தந்துவிடுகிறது. விஆரில் பைக்கு எடை இல்லை என்பதால் வெறும் உடம்பின் எண்ணே போதும்.

இப்போது கணக்கு. இடுப்பிலிருந்து கழுத்துப் புள்ளி வரை நீளம் `L`. கழுத்துப் புள்ளியின் நின்ற உயரம் 137 செ.மீ., இடுப்பு 82, ஆகவே `L` 55 செ.மீ. பாதம் ஊன்றிய இடத்திலிருந்து கழுத்து முன்னே போன தூரம் `f`, கீழே இறங்கியது `h`.

```csharp
float s = Mathf.Clamp(f / ((1f - beta) * L), 0f, 0.97f);
float theta    = Mathf.Asin(s);
float bendDrop = L * (1f - Mathf.Cos(theta));
float kneeDrop = Mathf.Max(0f, h - bendDrop);
float hipBack  = beta * L * s;
```

சின்னம்மா பறிக்கும் ஒரு கணத்தை எடுத்துக்கொள்வோம். `f` 25 செ.மீ., `h` 25 செ.மீ. முன்னே போன 25-ஐ 0.65-ஆல் வகுத்தால் 38.5: இடுப்புக்கும் கழுத்துக்கும் இடையே உள்ள உண்மையான முன்தூரம் இது. அதை 55-ஆல் வகுத்தால் 0.70, அதாவது முதுகு ஏறக்குறைய 44 டிகிரி சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வு மட்டுமே கழுத்தை 15.7 செ.மீ. இறக்கிவிடும். மீதி 9 செ.மீ. சொச்சம்தான் முழங்காலின் பங்கு. இடுப்பு 13.5 செ.மீ. பின்னே. வீடியோவில் அதே கணத்தை நிறுத்திப் பார்த்தால் அவர் முழங்கால் இலேசாக மடங்கித்தான் இருந்தது. அவதார் இப்போது குனிந்தது.

44 டிகிரி முழுவதையும் இடுப்பு மூட்டிலேயே கொடுத்தால் பலகையைச் சாய்த்த மாதிரி இருக்கும். பாதியை இடுப்பெலும்புக்கும் மீதியை முதுகெலும்பின் கண்ணிகளுக்கும் பிரித்தேன். முதுகு வளைந்தால் இடுப்பிலிருந்து கழுத்துக்கு நேர்க்கோட்டுத் தூரம் கொஞ்சம் குறையும், அவதாரின் கழுத்து ஹெட்செட்டை விட்டு ஓரிரு செ.மீ. விலகும். அதனால் எல்லாம் முடிந்தபின் இடுப்பை நகர்த்திக் கழுத்தைத் திரும்பவும் ஹெட்செட்டின் இடத்தில் பொருத்தவேண்டும். விஆரில் தலைதான் எஜமான். அது ஹெட்செட்டோடு ஒட்டவில்லை என்றால் பார்ப்பவருக்குத் தன் கழுத்துத் துண்டிக்கப்பட்ட மாதிரி, கீழே பார்க்கையில் தன் மார்புக்குள்ளேயே கண் இருப்பது தெரியும்.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. `f` என்பது பாதம் ஊன்றிய இடத்திலிருந்து அளப்பது. பாதம் எங்கே என்று நமக்குத் தெரியாது! சின்னம்மா ஓரடி எடுத்துவைத்தாலும் தலை முன்னே போகும், குனிந்தாலும் போகும்.

ஆனால் அதே வில் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. `h` இவ்வளவு என்றால், அதில் முழங்காலுக்குப் பங்கே இல்லை, எல்லாம் குனிந்ததே என்று வைத்துக்கொண்டால், `f` அதிகபட்சம் எவ்வளவு இருக்கமுடியும் என்று கணக்கிடலாம். 10 செ.மீ. மட்டும் இறங்கியிருக்கும் தலை குனிவதால் ஏறக்குறைய 21 செ.மீ.தான் முன்னே போகமுடியும். 25 செ.மீ. இறங்கினால் 30 செ.மீ. அந்த எல்லைக்கு உள்ளே இருந்தால் குனிதலும் முழங்காலும் சேர்ந்தது. எல்லையைத் தாண்டினால், பாதம் நகராமல் அப்படி இருக்க வழியே இல்லை, ஆகவே அடி எடுத்துவைத்திருக்கிறார். தாண்டிய தூரம் 10 செ.மீ.க்கு மேல் போனால் பாதம் ஊன்றியதாகக் கணக்கில் வைத்திருக்கும் புள்ளியை, அதன் நங்கூரத்தை, தலைக்குக் கீழே கொண்டுவருகிறேன், அவதார் ஓரடி வைக்கிறது. அதற்குள் இருந்தால் நின்ற இடத்தில் ஆடும் சிறு தள்ளாட்டம் என்று விட்டுவிடுகிறேன். பக்கவாட்டில் போனால் இன்னும் எளிது. குனிதல் பக்கவாட்டு நகர்வை விளக்காது, ஆகவே அது நேராக அடிதான். நிரையோடு பக்கமாக நகர்ந்து நகர்ந்து பறிப்பதால் பெரும்பாலான அடிகள் இந்த வகை.

நங்கூரம் தப்பாக விழுந்தால் எப்படித் தெரியும்? குனிந்திருக்கும்போது அவதார் அடி வைத்துவிட்டால், அடுத்து நிமிரும்போது தலை பாதத்துக்குப் பின்னால் போகும், `f` எதிர்மறையாகும். கண்ணாடியில் அவதார் பின்பக்கம் சாய்ந்து நிற்பாள். அப்படிப் பார்த்தால் பீட்டா கூடுதலாக இருக்கிறது என்று பொருள். எல்லை குறுகிப்போய், சாதாரணக் குனிதலையும் அடி என்று எடுத்துக்கொள்கிறது. எனக்கு இதுவே பீட்டாவைச் சரிபார்க்க வீடியோவை விட வசதியான கருவியாகிவிட்டது.

அடுத்தது முழங்கால் நடுக்கம். நேராக நின்றுகொண்டிருக்கும் அவதாரின் முழங்கால் வெடுக் வெடுக்கென்று முன்னும் பின்னும் துடித்தது. ஹெட்செட்டின் இடத்தில் எப்போதும் ஒரு மில்லிமீட்டர் அளவில் ஆட்டம் இருக்கும், நின்றுகொண்டிருக்கும் மனிதரும் சற்று ஆடுவார். அது எப்படி இவ்வளவு பெரிதாகிறது? தொடை 38, கெண்டைக்கால் 38, நீட்டினால் 76 செ.மீ. இடுப்புக்கும் கணுக்காலுக்கும் இடைத்தூரம் 76-லிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் முழங்கால் ஏறக்குறைய 6 டிகிரி மடங்கி 2 செ.மீ. முன்னே வரும். ஒரு செ.மீ. குறைந்தால் 19 டிகிரி, 6 செ.மீ. முதல் மில்லிமீட்டருக்குத்தான் இத்தனை ஆட்டம், பிறகு அடங்கிவிடும். கோசைன் விதியை முழு நீட்டத்துக்குப் பக்கத்தில் பயன்படுத்தும் எந்த இரண்டு எலும்பு ஐகே-க்கும் இந்தக் குணம் உண்டு, முழங்கைக்கும்தான்.

வடிகட்டி போட்டு ஹெட்செட்டின் ஆட்டத்தை மழுக்குவது சரியான வழி இல்லை, உடம்பு தலைக்குப் பின்னால் இழுபடும். காலை முழுக்க நீளவே விடாமல் இருப்பது நல்லது. நேராக நிற்கும்போதே இடைத்தூரம் மொத்த நீளத்தில் 99 சதவீதத்துக்கு மேல் போகாதபடி இடுப்பை முக்கால் செ.மீ. இறக்கி வைத்தேன். இப்போது முழங்கால் நிலையாக 16 டிகிரி மடங்கியிருக்கிறது, அதே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் ஒரு டிகிரிதான் அசைக்கிறது. 16 டிகிரி என்றால் அசிங்கமாக இருக்குமோ என்று பயந்தேன். சின்னம்மாவோ ஒன்றும் சொல்லவில்லை. சரிவில் நின்று வேலை செய்பவர்கள் முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்பதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

கொழுந்து பறிப்பதில் இன்னொரு அசைவு இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் உடைத்தது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் இருக்கும் பையில் போடுவது. இதை விஆரில் செய்தபோது அவதார் பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

உடம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் நாம் ஊகிக்கத்தான் வேண்டும். தலை திரும்பும் பக்கமெல்லாம் மார்பைத் திருப்பினால், பக்கத்து நிரையில் இருப்பவரோடு பேசத் தலையைத் திருப்பும்போது உடம்பே திரும்பிவிடும். அதனால் தலையின் திசையோடு, தலையிலிருந்து இரண்டு கைகளின் நடுப்புள்ளிக்குப் போகும் திசையையும் கலந்துகொள்வது வழக்கம். கை பெரும்பாலும் உடம்புக்கு முன்னால்தானே இருக்கும். பையில் போடும்போது கைகள் தலைக்குப் பின்னால் போகின்றன, நடுப்புள்ளியும் பின்னால் போகிறது, மார்பும் பின்பக்கம் திரும்புகிறது. `f` அளக்கும் திசையும் அதோடு தலைகீழாகிவிடுவதால் குனிதல் கணக்கும் கெட்டுப்போகிறது.

இரண்டு கையையும் சேர்த்து நடுப்புள்ளி எடுப்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு கைக்கும் தனி எடை கொடுத்தேன். போன ஃபிரேமில் மார்பு பார்த்த திசைக்கு முன்னால் இருக்கும் கைக்கு முழு எடை, பக்கவாட்டுக்குப் போகப் போகக் குறைந்து, பின்னால் போனால் பூஜ்யம். இரண்டு கையும் பின்னால் போனால் மார்பு இருந்த திசையிலேயே இருக்கும். தலைக்கும் மார்புக்கும் இடைக்கோணம் 70 டிகிரியைத் தாண்டினால் மட்டும் தலை மார்பை இழுத்துக்கொண்டு திரும்பும், கழுத்து அதற்கு மேல் வசதியாகத் திரும்பாது.

அதே அசைவில் இன்னொரு குழப்பம். கன்ட்ரோலரைப் பார்ப்பது ஹெட்செட்டின் முகப்பில் இருக்கும் கேமராக்கள். தலைக்குப் பின்னால் போன கையை அவை பார்க்கமுடியாது. அப்போது கன்ட்ரோலருக்குள் இருக்கும் அசைவு உணரியை வைத்துச் சிறிது நேரம் தோராயமாகச் சொல்லும், பிறகு இடம் உறைந்துபோகும் அல்லது மிதந்துபோகும். விஆர் கருவிகளுக்கான பொது இடைமுகமான ஓப்பன்எக்ஸ்ஆரில் இதைக் கண்டுகொள்ள, ஆம் அல்லது இல்லை என்று காட்டும் இரண்டு தனித்தனிக் கொடிகள் உண்டு. `XR_SPACE_LOCATION_POSITION_VALID_BIT` இருந்து `XR_SPACE_LOCATION_POSITION_TRACKED_BIT` இல்லை என்றால், சொல்லப்படும் இடம் பார்த்ததில்லை, ஊகம். முதல் கொடியை மட்டும் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று போய்விடுவது எளிது. இரண்டாவது கொடி விழுந்த 0.3 நொடிக்குப் பிறகு கையை மார்பின் கணக்கில் தோளுக்குப் பின்னால் ஒரு நிலையான புள்ளிக்கு, பையின் வாய்க்கு, மெதுவாக நகர்த்துகிறேன். கை திரும்பக் கேமராவில் பட்டதும் 0.15 நொடியில் உண்மையான இடத்துக்குக் கலக்கிறேன். அந்தக் கலப்பு இல்லையென்றால் கை ஒரே ஃபிரேமில் முதுகிலிருந்து முகத்துக்கு முன்னால் குதிக்கும்.

முழங்கையும் அங்கேதான் திருகியது. தோளும் மணிக்கட்டும் தெரிந்தால் முழங்கை ஒரு வட்டத்தின் மேல் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். எந்தப் பக்கம் என்று ஒரு குறிப்புப் புள்ளி கொடுக்கவேண்டும். பொதுவாகக் கீழே, கொஞ்சம் வெளியே, கொஞ்சம் பின்னே என்று கொடுத்தால் பறிக்கும் கைக்கு நன்றாகவே பொருந்தும். கை தோளுக்குப் பின்னால் போகும்போது குறிப்பின் திசையும் கையின் திசையும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும், முழங்கை எந்தப் பக்கம் என்று முடிவெடுக்கமுடியாமல் புரளும். சொந்தமாக ஒரு முறை செய்துபார்த்தால் போதும்: கையைத் தோளுக்கு மேலே முதுகுக்குக் கொண்டுபோகும்போது முழங்கை முன்னும் மேலும் பார்க்கிறது. மணிக்கட்டு தோளின் மட்டத்தைத் தாண்டி மேலே ஏற ஏற, குறிப்புப் புள்ளியைக் கீழிருந்து முன்மேல் பக்கத்துக்குப் படிப்படியாக மாற்றினேன். புரளல் நின்றது.

நடுவே ஒரு குறிப்பு, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். காலையில் ஹெட்செட் சில்லென்று இருக்கும்போது மாட்டினால் மூச்சிலும் முகச்சூட்டிலும் லென்ஸ் மங்கிவிடும். கொஞ்ச நேரம் ஆனில் வைத்துச் சூடேற்றிவிட்டு மாட்டினால் பிரச்சினை இல்லை.

கடைசியாகச் சரிவு. அறையின் தரை சமம், காட்சியில் இருக்கும் தரை 20 டிகிரி சாய்வு. சரிவுக்குக் குறுக்கே நின்றால், பாதங்களுக்கு இடையே 28 செ.மீ. இருந்தால், ஒரு பாதம் இன்னொன்றை விட 10 செ.மீ. உயரத்தில் இருக்கவேண்டும். சாதாரண விளையாட்டுகளில் இதற்கு இடுப்பை இறக்கிக் கீழ்ப்பாதத்தைத் தரையில் ஊன்றவைப்பார்கள். தலையும் சேர்ந்து இறங்கும், யாருக்கும் கவலையில்லை. இங்கே தலையை இறக்கினால் பார்ப்பவரின் கண்ணே இறங்கும். அதனால் அறையின் தரையைக் கீழ்ப்பாதத்தின் மட்டத்தோடு சேர்த்துவிட்டு, மேல்பாதத்தை மட்டும் 10 செ.மீ. தூக்கினேன். அந்த முழங்கால் ஏறக்குறைய 62 டிகிரி மடங்குகிறது. நிஜச் சரிவில் நிற்பவரின் மேல்காலும் அப்படித்தான் மடங்கும். ஆனால் சின்னம்மா திரும்பி நின்றால் கீழ்ப்பாதம் எது என்பது மாறுகிறது, தரைமட்டம் சட்டென்று மாறினால் தலைசுற்றும். ஆகவே பாதம் தூக்கியிருக்கும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறேன்.

இன்னும் சரியாகாதவை இருக்கின்றன. ஒரு காலை முன்னே வைத்து, அந்தக் காலில் எடையைப் போட்டுச் செடிக்குள் எட்டிப் பறிப்பதை இந்தக் கணக்கு தனியாக அறியாது, இரண்டு பாதமும் இணையாக நிற்கின்றன என்று நினைக்கும். மூன்று புள்ளிகளில் அதைப் பிரித்தறியத் தடயமே கிடையாது. தரையில் உட்கார்ந்தாலும் அவதார் ஆழமாகக் குத்தவைத்தே இருக்கும். இந்தக் காட்சியில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை, செடி இடுப்பு உயரம் இருப்பதால் முழங்காலுக்குக் கீழே யாருக்கும் தெரிவதில்லை. வேறு காட்சிக்கு இதை எடுத்துப் போனால், இடுப்பில் ஒரு டிராக்கர் கட்டுவதைத் தவிர வழியில்லை.

சின்னம்மா மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு இடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கத்திரி எங்கடா? இப்ப யாரு கையால பறிக்கிறா?" என்றார். கத்திரிக்கு இரண்டு கையும் ஒரே கருவியைப் பிடித்திருக்கவேண்டும். கன்ட்ரோலர்கள் தனித்தனியாக இருப்பதால் பிடிகள் விலகுவதையும் நெருங்குவதையும் வெட்டும் கோணமாக மாற்றி, கைகளைக் கருவியின் பிடியிலேயே ஒட்டவைத்து, அங்கிருந்து ஐகே-வைத் தொடங்கவேண்டும். இப்போது அதில்தான் இருக்கிறேன்.